மாட்டுக்கு வாங்கிய பென்சிலினைத் தக்காளி வாடலுக்கு ஊற்றலாமா?

கேள்வி: மாட்டின் மடிநோய்க்கு வாங்கிய பென்சிலின் ஊசி மருந்தில் இரண்டு குப்பி மிச்சம் இருக்கிறது. மாடு நன்றாகத் தேறிவிட்டது. இப்போது தக்காளியில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு சாய்கிறது. பாக்டீரியா வாடல் என்கிறார் ஒருவர், பூஞ்சை வாடல் என்கிறார் இன்னொருவர். பென்சிலினைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றினால் கேட்குமா? செடி கருகிவிடுமா?

பதில்: ஊற்ற வேண்டாம். செடி கருகாது, ஆனால் நோயும் கேட்காது. இரண்டு வாடலில் எதுவாக இருந்தாலும் கேட்காது. காரணம் மட்டும் இரண்டுக்கும் வேறு வேறு.

பென்சிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை. பாக்டீரியாவுக்குள் இருக்கும் சாறு எப்போதும் வெளிப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். காற்றடைத்த சைக்கிள் டியூபை டயர் தாங்குவதுபோல, அந்த அழுத்தத்தைத் தாங்குவது சுவர்தான். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சரங்கள் அதில் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சரங்களைக் குட்டையான அமினோ அமிலத் துண்டுகள் குறுக்கே முடிச்சுப் போட்டு இணைக்கின்றன. இந்த வலைக்குப் பெயர் பெப்டிடோகிளைக்கான். முடிச்சுப் போடுவது ஒரு நொதியின் வேலை. அது பிடிக்க வேண்டிய நுனியைப் போலவே பென்சிலினின் வடிவமும் இருப்பதால், நொதி ஏமாந்து பென்சிலினைப் பிடித்து அதோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகிறது.

வளரும் பாக்டீரியா புதுச் சரத்தைச் சேர்க்கப் பழைய வலையை அங்கங்கே அறுத்துக்கொண்டே இருக்கும். அறுப்பது நடக்கிறது, முடிச்சு விழவில்லை என்றால் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, உள்ளழுத்தத்தில் வெடிக்கிறது. வளராமல் சும்மா கிடக்கும் பாக்டீரியாவைப் பென்சிலின் பெரிதாக ஒன்றும் செய்யாததற்கும் இதுவே காரணம்.

மாட்டின் செல்லுக்குச் சுவரே கிடையாது, சவ்வு மட்டும்தான். தக்காளிச் செல்லுக்குச் சுவர் உண்டு, ஆனால் அது குளுக்கோஸ் சரங்களான செல்லுலோஸ் இழைகளால் ஆனது. இழைகளுக்கு நடுவே பசைபோலப் பெக்டின் இருக்கும், தண்டு முற்றும்போது லிக்னினும் சேரும். பென்சிலின் தேடும் அந்த முடிச்சு இதில் எங்கும் இல்லை. அதனால்தான் செடி கருகாது என்றேன். திசு வளர்ப்புக் கூடங்களில் செடித் துண்டில் ஒட்டிய பாக்டீரியாவை ஒழிக்க, பென்சிலினின் உறவுக்கார மருந்தான செஃபோடாக்ஸிமை லிட்டருக்கு 250 முதல் 500 மில்லிகிராம் வரை ஊடகத்தில் கலப்பார்கள். அதிலேயே செடி துளிர்க்கும்.

பூஞ்சையின் சுவர் மூன்றாவது வகை: கைட்டினும் பீட்டா குளுக்கானும். கைட்டின் கட்டப்படும் சர்க்கரை, பாக்டீரியாச் சுவரில் உள்ள இரண்டு சர்க்கரைகளில் ஒன்றேதான். செங்கல் ஒன்றாக இருந்தாலும் கட்டிய விதம் வேறு. அமினோ அமில முடிச்சு இல்லாததால் பென்சிலினுக்கு அங்கே பிடிக்க எதுவுமில்லை. பென்சிலினைச் சுரப்பதே ஒரு பூஞ்சைதான். அது தன் சுவரைத் தானே உடைத்துக்கொள்ளுமா? ஆக, உங்கள் வயலில் இருப்பது பியூசேரியம் பூஞ்சையால் வரும் வாடல் என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது.

பாக்டீரியா வாடல் என்றால் கேட்க வேண்டாமா என்று தோன்றும். மடிநோயில் பென்சிலினுக்கு அடங்குபவை பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள். அவற்றின் தடித்த வலை வெளியே திறந்து கிடக்கும், மருந்து நேராகப் போய்ச் சேரும். தக்காளி வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா கிராம் நெகட்டிவ். அதன் வலை மெல்லியது, அதற்கு மேலே இன்னொரு வெளிச்சவ்வு போர்த்தியிருக்கும். பென்சிலின் அந்தச் சவ்வைத் தாண்டவே திணறும். தாண்டிய கொஞ்சத்தையும் சிதைக்கும் நொதி ரால்ஸ்டோனியாவிடம் உண்டு. இதற்குக் கண்கூடான சான்று ஆய்வகத்தில் இருக்கிறது. மண்ணிலிருந்து ரால்ஸ்டோனியாவை மட்டும் பிரித்து வளர்க்கும் ஊடகத்தில் பென்சிலினையும் சேர்ப்பார்கள், மற்ற பாக்டீரியாக்கள் செத்து இது மட்டும் வளரட்டும் என்று! நீங்கள் வேரில் ஊற்றினாலும் ஏறக்குறைய அதுதான் நடக்கும்.

எந்த வாடல் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். இன்று காலைதான் துவண்ட செடியாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அழுகிக் கிடக்கும் பழைய செடி வேண்டாம், அதில் வேறு பாக்டீரியாக்கள் புகுந்து தண்ணீரைக் கலக்கி ஏமாற்றும். தரையை ஒட்டிய தண்டில் விரல் நீளத் துண்டை வெட்டி மண்போகக் கழுவுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் நிரப்பி, வெட்டுவாய் மட்டும் நீரில் தொடும்படி துண்டைத் தொங்கவிடுங்கள். டம்ளரை அசைக்கக் கூடாது. பின்னால் கறுப்புத் துணி வைத்துப் பார்த்தால், பாக்டீரியா வாடலில் ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் புகைபோல இறங்கும். இறங்கவில்லை என்றால் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடி, அடி இலைகள் முதலில் ஒரு பக்கமாக மஞ்சளாகியிருந்தால் பியூசேரியம் என்று சந்தேகிக்கலாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு, அதாவது பச்சை மாறாமல் துவள்வதற்கு, என் ஊகம் பாக்டீரியா வாடல்தான். ஆனாலும் டம்ளரைப் பார்த்த பிறகே எதையும் செய்யுங்கள்.

இழை இறங்கினால் அந்தச் செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வேர் மண்ணோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்த வரிசையின் பாசன நீர் அடுத்த வரிசைக்குப் போகாமல் தடுங்கள், களை கொத்தி வேரைக் காயப்படுத்துவதையும் நிறுத்துங்கள். காயம்தான் அதன் வாசல். அடுத்து இரண்டு மூன்று பருவத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். நெல்லோ மக்காச்சோளமோ வையுங்கள். மீண்டும் தக்காளிக்கு வரும்போது எதிர்ப்புத்திறன் உள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று நல்லது.

பியூசேரியம் என்றால் இந்தச் சுவர்க் கணக்கு உங்களுக்குச் சாதகமாகும். டிரைக்கோடெர்மா விரிடி சுரக்கும் நொதிகள் கைட்டினையும் பீட்டா குளுக்கானையும் கரைப்பவை. எக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து நடவின்போதே இடுங்கள். இது தடுப்பு முறை. துவண்டு சாய்ந்த செடியை எழுப்பாது. ரால்ஸ்டோனியாவிடம் கைட்டின் இல்லை, அதற்கு இதை நம்ப வேண்டாம்.

கடையில் ஸ்ட்ரெப்டோமைசினைக் கையில் கொடுத்தால் அதுவும் பாக்டீரியா மருந்துதானே என்று நினைக்காதீர்கள். அது சுவரைத் தாக்குவதில்லை, புரதம் செய்யும் ரைபோசோமைத் தாக்குகிறது. இலையின் பசுங்கணிகத்திலும் பாக்டீரியா ரகத்து ரைபோசோமே இருப்பதால், அளவு கூடினால் இளந்தளிர் வெளிறி மஞ்சளாகும்.

மிச்சக் குப்பிகளைச் சாணக்குழியில் கொட்டினால் பென்சிலினை எதிர்க்கும் பாக்டீரியாக்களை நீங்களே வளர்த்ததாக ஆகும், அடுத்த மடிநோய்க்கு மருந்து பலிக்காமல் போகலாம். மூடியைத் திறக்காமல் கால்நடை மருத்துவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.