முதல் மூச்சுக்குப் பிறகும் திறந்திருக்கும் குழாய்: பச்சிளங்குழந்தை கேள்வி-பதில்

பிறந்ததும் குழந்தை நன்றாக அழுதது. ஆனால் 2 நிமிடத்தில் மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 68 என்று காட்டியது. டாக்டர் ஆக்சிஜன் வைக்கவே இல்லை. இது கவனக்குறைவா?

இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார். 2 நிமிடத்தில் 65 முதல் 70 வரை இருப்பதுதான் எதிர்பார்க்கும் அளவு. வயிற்றுக்குள் இருந்தவரை நஞ்சுக்கொடியிலிருந்து வந்த சுத்தமான இரத்தத்தின் ஆக்சிஜன் அளவே சுமார் 80 சதவீதம்தான், அந்த இரத்தமும் மற்ற இரத்தத்தோடு கலந்த பிறகுதான் உடம்புக்குப் போகும். அந்த அளவில் நிம்மதியாக வளர்ந்த குழந்தை ஒரே நொடியில் 98-க்குத் தாவாது. 5-வது நிமிடத்தில் 80 முதல் 85, 10-வது நிமிடத்தில் 85 முதல் 95 என்று படிப்படியாக ஏறும். அழுகிறது, இதயத் துடிப்பு 100-க்கு மேல் இருக்கிறது, எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். தேவையில்லாமல் ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பதும் நல்லதல்ல.

கருவில் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கும் என்கிறார்களே, முதல் மூச்சில் அது எப்படி மூடுகிறது?

ஓட்டை மட்டும் இல்லை, மூன்று குறுக்கு வழிகள். நஞ்சிலிருந்து வரும் இரத்தத்தில் ஒரு பங்கைக் கல்லீரலுக்குள் நுழைய விடாமல் நேரே இதயத்துக்கு அனுப்பும் டக்டஸ் வீனோசஸ் ஒன்று. வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குப் போக ஃபொராமென் ஓவேல். மூன்றாவது, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்ற குழாய். நுரையீரலில் அப்போது காற்று இல்லை, நீர்தான் இருக்கிறது, அதன் இரத்தக் குழாய்களும் இறுகிக் கிடக்கின்றன. அதனால் இரத்தத்தில் பெரும்பகுதி இந்த வழிகளில் நுரையீரலைத் தாண்டிப் போய்விடுகிறது.

மூச்சு விட்டதும் நுரையீரலில் இருந்த நீர் சுற்றியுள்ள திசுக்களுக்குள் தள்ளப்படுகிறது, காற்று நிறைகிறது, ஆக்சிஜன் பட்டதும் இறுகியிருந்த குழாய்கள் விரிகின்றன. நுரையீரலுக்குப் பாயும் இரத்தம் பல மடங்கு கூடி, அத்தனையும் திரும்பி இடது மேலறைக்கு வருகிறது. இடது பக்க அழுத்தம் வலது பக்கத்தைத் தாண்டியதும், ஃபொராமென் ஓவேலில் இருக்கும் மெல்லிய சவ்வு ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு மாதிரி சாத்திக்கொள்கிறது. சாத்தத்தான் செய்கிறது, ஒட்டுவது பிறகு. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டியே இருக்காது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவும் தெரியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, தொப்புள் கொடியை எப்போது கட்டுகிறார்கள் என்பது. மூச்சு வருவதற்கு முன்பே கட்டிவிட்டால், இடது பக்கத்துக்கு நஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த இரத்தம் நின்றுபோகும், நுரையீரலிலிருந்து வரவேண்டியது இன்னும் வந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு சரிகிறது. குழந்தை நன்றாக இருந்தால் ஒரு நிமிடமாவது பொறுத்துக் கட்டுவதே சரி என்பேன், அவசர அவசரமாகக் கட்டுவதை நான் ஏற்பதில்லை.

2-ம் நாள் எக்கோவில் "பிடிஏ சிறியது, பிஎஃப்ஓ உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா?

நிறைமாதக் குழந்தை, பால் குடிக்கிறது, எக்கோவில் வேறு கோளாறு எதுவும் எழுதவில்லை என்றால் வேண்டாம். பிஎஃப்ஓ என்பது ஃபொராமென் ஓவேல் இன்னும் ஒட்டாமல் இருப்பது, பிடிஏ என்பது மேலே சொன்ன டக்டஸ் ஆர்டீரியோசஸ் குழாய் இன்னும் திறந்திருப்பது. கருவில் அந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பவை இரண்டு: குறைந்த ஆக்சிஜன், பிறகு நஞ்சிலிருந்து வரும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். பிறந்ததும் ஆக்சிஜன் கூடுகிறது, நஞ்சு போய்விடுகிறது, மிச்சமிருக்கும் ப்ராஸ்டாகிளாண்டினை நுரையீரலே அழித்துவிடுகிறது. குழாயின் தசை சுருங்கி, பெரும்பாலும் 3 நாளுக்குள் ஓட்டம் நிற்கும். நார்த்திசுவாக மாறி நிரந்தரமாக அடைபட 2, 3 வாரம் ஆகும். குறைமாதக் குழந்தைகளின் கதை வேறு, அவர்களுக்கு அது வாரக்கணக்கில் திறந்திருந்து நுரையீரலுக்குள் அதிக இரத்தத்தைத் தள்ளலாம். டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி எக்கோ எடுங்கள், அதுவரை கூகுளை விட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் வலது கையிலும் காலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் பார்த்தால் போதாதா?

போதாது. வலது கைக்குப் போகும் இரத்தம், டக்டஸ் வந்து சேரும் இடத்துக்கு முன்பே பெருந்தமனியிலிருந்து பிரிகிறது. கால்களுக்குப் போவது அதைத் தாண்டி. ஆக்சிஜன் குறைந்த நீல இரத்தம் டக்டஸ் வழியாக உடம்புக்குள் நுழைந்தால் கையில் எண் நன்றாக இருக்கும், காலில் குறையும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரமான குழந்தை, பார்க்க ஒரு குறையும் இல்லை, கையில் 97, காலில் 91. இரண்டும் 95-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால்தான் பாஸ். இங்கே வித்தியாசம் 6. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே எண்கள் என்றால் எக்கோ எடுக்க வேண்டும். அதில் பெருந்தமனியின் வளைவு மிகவும் குறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழந்தையின் கீழ் உடம்பு ஓடுவதே டக்டஸ் புண்ணியத்தில்தான். எல்லோருக்கும் நல்லதாக முடியும் அந்த மூடல் இவனுக்கு ஆபத்து. 3-ம் நாளோ 5-ம் நாளோ, வீட்டுக்குப் போன பிறகு, பால் குடிக்க மாட்டான், மூச்சு வாங்கும், கால்கள் சில்லிட்டு வெளிறும், சிறுநீர் குறையும். பலர் இதைக் கிருமித் தொற்று என்றே முதலில் நினைப்பார்கள்.

முன்பே தெரிந்தால் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ1 மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி டக்டஸைத் திறந்து வைத்து, அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாம். அந்த மருந்தே மூச்சை நிறுத்தக்கூடும், ஆகவே வழியில் மூச்சுக்கருவி தயாராக இருக்க வேண்டும்.

ஆக்சிமீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. குறுகல் இருந்தும் அந்த நேரத்தில் டக்டஸில் நீல இரத்தம் கீழே போகாவிட்டால் எண்கள் சரியாகவே காட்டும். அதனால் தொடை மடிப்பில் நாடித்துடிப்பை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை அது, பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதயம் நன்றாக இருந்தும் கையிலும் காலிலும் இதே வித்தியாசம் வரலாம். மலம் கலந்த பனிக்குட நீரை உள்ளிழுத்த குழந்தைகளுக்குச் சில நேரம் நுரையீரல் குழாய்கள் விரியவே மாட்டா, இரத்தம் கருவில் ஓடியபடியே ஓடிக்கொண்டிருக்கும். இவர்கள் பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறலோடு இருப்பார்கள். இதையும் இதயக் கோளாறையும் பிரித்துச் சொல்ல எக்கோதான் வழி.

8-ம் மாதம். முதுகு வலிக்கு வீட்டில் இருந்த ஐபுப்ரூஃபன் போடலாமா?

வேண்டாம். ப்ராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான் அந்த மாத்திரை வலியைக் குறைக்கிறது. அதே ப்ராஸ்டாகிளாண்டின்தான் உங்கள் குழந்தையின் டக்டஸைத் திறந்து வைத்திருக்கிறது. வயிற்றுக்குள்ளேயே அது சுருங்கினால் இரத்தம் போக வழியில்லாமல் இதயத்தின் வலது பக்கம் திணறும். டைக்ளோஃபினாக்கும் இதே வகை. பனிக்குட நீரைக் குறைக்கும் என்பதால் 20 வாரத்திலிருந்தே இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள், அந்தக் கணக்கு வேறு.