அடிப்பிடித்த பாத்திரம்: ஸ்டீலுக்கு ஒரு வழி, அலுமினியத்துக்கு வேறு வழி

கேள்வி: 3 லிட்டர் ஸ்டீல் பாத்திரத்தில் பால் அடிப்பிடித்துவிட்டது. வினிகர் ஊற்றி ஊறவைத்தேன், அசையவில்லை. பிறகு சமையல் சோடா போட்டுக் கொதிக்க வைத்ததில் ஓரளவு வந்தது. ஆனாலும் அடியில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு படலம் நிற்கிறது. சோறு அடிப்பிடித்த அலுமினியப் பாத்திரத்திலும் அதேபோல் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். கருகலும் போகவில்லை, உள்பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. இரண்டும் கெட்டுவிட்டனவா?

பதில்: இல்லை, இரண்டையும் மீட்கலாம். ஸ்டீலில் நீங்கள் செய்தது சரியான வேலை, வரிசைதான் மாறிவிட்டது. அலுமினியத்தில் செய்தது அந்த உலோகத்துக்கு ஒவ்வாத வேலை.

முதலில் பால். பால் சூடேறும்போது அதிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி ஏறக்குறைய 70 டிகிரியிலேயே உருக்குலைந்து, சூடான அடியில் போய் ஒட்டத் தொடங்கும். கூடவே பாலில் கரைந்திருக்கும் கால்சியம் பாஸ்பேட்டும் வரும். சர்க்கரையும் உப்பும் வெந்நீரில் நன்றாகக் கரையும் என்று நமக்குத் தெரியும். இந்தச் சுண்ணச்சத்து அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏற இதன் கரைதிறன் குறையும். ஆகவே அடியில் படிவது புரதமும் சுண்ணமும் பின்னிக்கொண்ட ஒரு தோல். அந்தத் தோலின் அடிப்பக்கம் தீய்ந்து கரியாகிறது. நாம் கருகல் என்று மொத்தமாகச் சொல்வதில் இப்படி மூன்று பொருள்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே மருந்துக்கு மசியாது.

வினிகர் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதில்தான் விடை. காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் திரிந்து கட்டியாகிறது அல்லவா? அடியில் ஒட்டிய பால் புரதத்துக்கும் புளிப்பு அதையேதான் செய்கிறது, இன்னும் இறுக்கிவிடுகிறது. சோடா போன்ற காரம் பட்டால் அதே புரதம் தண்ணீரை உறிஞ்சி உப்பி, பிடியை விடும். சுண்ணத்தின் குணம் இதற்கு எதிர். காரத்தில் அசையாது, புளிப்பில் கரைந்துபோகும். எனவே பால் பிடித்த ஸ்டீலுக்கு முதலில் சோடா, பிறகு புளிப்பு. பால் பண்ணைகளில் குழாய்களையும் தகடுகளையும் கழுவுவதும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான்: முதலில் காரக் கரைசல், அப்புறம் அமிலக் கரைசல். இரண்டையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடாதீர்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் பெரிய வேலை நடப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, இரண்டின் பலமும் போய்விடும்.

உங்கள் 3 லிட்டர் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பாத்திரம் ஆறியிருக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 2 மேசைக்கரண்டி சமையல் சோடாவைத் தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே போட்டுக் கலக்குங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் சட்டென்று பொங்கி வழியும். அடுப்பைச் சிறுதீயில் வைத்து, மெல்லக் கொதி வந்தபின் 15 நிமிடம் விடுங்கள். சமையல் சோடா சாதாரணமாக மென்மையான காரம். சூடாகும்போது வாயு வெளியேறி, அதில் ஒரு பகுதி சலவைச் சோடாவாக மாறுகிறது. வலு அங்கேதான் ஏறுகிறது. வெறுமனே ஊறவைப்பதைவிடக் கொதிக்க வைப்பது நன்றாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பால் புரதம் கரையக் கரைய நுரைக்கும், அதனால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் சோடா வேலை செய்கிறது என்று அர்த்தம். மரக் கரண்டியின் தட்டையான விளிம்பால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். படலம் பொடியாக உதிராமல் தோல்போல மடிந்து எழும்ப வேண்டும். எழும்பாத இடத்தில் பலம் கொடுத்துச் சுரண்டாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் புதுச் சோடாவுமாக இன்னொரு முறை கொதிக்க விடுங்கள். ஒரே தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவதைவிட, 15 நிமிடமாக இரண்டு முறை செய்வதில் பலன் அதிகம் என்பது என் அனுபவம். மேல் தோல் போனபின்தான் அடித் தோலுக்குச் சோடா எட்டும்.

இப்போது நன்றாக அலசிவிட்டு நகத்தால் அடியைத் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே இன்னும் பொருள் ஒட்டியிருக்கிறது, சோடா வேலை முடியவில்லை. வழவழவென்று ஓடி, கண்ணுக்கு மட்டும் வெண்மை தெரிந்தால் அது சுண்ணம். உங்கள் பாத்திரத்தில் நிற்கும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் இதுதான். 1 லிட்டர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி வினிகர், அல்லது 2 தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து, கொதி வந்தபின் 10 நிமிடம் சிறுதீயில் வையுங்கள். வெண்மை கண்ணெதிரே மறையும். வானவில்போல நீலமும் பொன்னிறமுமாகத் தெரிந்தால் அது அழுக்கே அல்ல, சூட்டில் ஸ்டீலின் மேல் உள்ள ஆக்சைடு படலம் தடித்ததால் வந்த நிறம். அதையும் இதே புளிப்பு நீர் பெரும்பாலும் எடுத்துவிடும். எடுக்காவிட்டாலும் கெடுதல் இல்லை.

கடைசியில் நாணயம் அளவுக்குப் பழுப்போ கறுப்போ மிஞ்சினால் அது கரி. கரியை எந்தச் சோடாவும் எந்தப் புளிப்பும் கரைக்காது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சமையல் சோடாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு விழுதாக்கி, நைலான் நாரால் ஸ்டீலின் கோடுகள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். கம்பி நார் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. அது கீறிய பள்ளங்களில் அடுத்த முறை பால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சாதாரண இரும்புக் கம்பியாக இருந்தால் அதன் துணுக்குகள் ஸ்டீலில் தங்கித் துருப்புள்ளிகளாகவும் மாறும். தூள் உப்பை ஊறவைப்பதும் பிளீச்சிங் திரவம் ஊற்றுவதும் ஸ்டீலில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கக்கூடியவை. பிளீச்சிங் திரவமும் வினிகரும் சேர்ந்தால் நச்சு வாயுவே கிளம்பும், அந்த இரண்டையும் ஒரே தொட்டியருகில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அலுமினியம். இந்த உலோகம் பளபளப்பாக இருந்தாலும் அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் காவலாக இருக்கிறது. காரம் அந்தக் காவலைக் கரைத்துவிடும். சூடான சோடா நீரில் படலமும் அதன் கீழே சிறிது உலோகமும் கரைகின்றன. பிறகு சீரில்லாத புதுப் படலம் தடிமனாக உருவாகிறது. உலோகக் கலவையிலும் தண்ணீரிலும் உள்ள இரும்பு போன்றவை அதில் தங்குவதால் கறுப்பாகத் தெரிகிறது. நீங்கள் பார்த்தது இதைத்தான், அது கருகல் பரவியதல்ல. அதனால் எவ்வளவு தேய்த்தாலும் சோறு கருகிய வாடையோ துகளோ வராது, கையில் சாம்பல் நிறம்தான் ஒட்டும். சலவைச் சோடாவும் அடுப்பு துடைக்கும் கடுங்காரத் திரவங்களும் இன்னும் மோசம். அவை உலோகத்தையே அரிக்கும்.

நல்ல வேளையாக, சோற்றுக்குச் சோடா தேவையே இல்லை. சோறு பெரும்பாலும் மாவுச்சத்து, அதை இளக்குவது தண்ணீரும் நேரமும்தான். அடியை மூழ்கடித்து இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, 1 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, 10 நிமிடம் சிறுதீயில் சுடவைத்து, மூடி போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் காந்தல் உப்பி, விளிம்புகளில் தூக்கிக்கொண்டு நிற்கும். மரக் கரண்டியால் ஓரத்தைத் தூக்கினால் பாளமாகவே வரும். வராத இடத்துக்கு மறுநாள் இரவு ஒருமுறை. அவசரப்பட்டுக் கத்தி வைக்காதீர்கள். அலுமினியம் ஸ்டீலைவிட மிருதுவானது, கத்தி பட்ட இடம் நிரந்தரப் பள்ளமாகிவிடும். அதன்பின் மிஞ்சும் கரியை நைலான் நாரும் சோப்பும் கொண்டு தேய்த்தால் போதும்.

காந்தல் முழுவதும் வந்தபிறகுதான் கறுப்பைக் கவனிக்க வேண்டும். கறுத்திருக்கும் உயரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றுங்கள், பாதி வரை ஊற்றினால் அங்கே ஒரு கோடு விழுந்துவிடும். லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி வினிகர் அல்லது ஒரு முழு எலுமிச்சையின் சாறு விட்டு, 10 முதல் 15 நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். நிறம் படிப்படியாக வெளுக்கும். ஒரு தடவையில் பாதிதான் வெளுத்ததென்றால் புதுக் கரைசலில் மறுபடி செய்யலாம். ஆனால் புளிப்பு நீரை இரவு முழுக்க அதிலேயே விடக் கூடாது, அமிலமும் இந்த உலோகத்தை அரிக்கக் கூடியதுதான். கொதித்ததும் கொட்டி, அலசி, உடனே துடைத்துவிடுங்கள். உங்கள் பாத்திரம் கருஞ்சாம்பல் நிறப் பூச்சுடன் வந்த கடின அனோடைஸ் வகையாக இருந்தால் இந்தப் புளிப்பு வேலையையும் செய்யாதீர்கள். அந்தப் பூச்சு போனால் வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கு ஊறவைப்பது ஒன்றே வழி.

இரண்டு பாத்திரங்களுக்கும் பொதுவாக ஒன்று. தீய்ந்த வாடை வந்ததும் பதறிப்போய்க் குழாய்க்கடியில் வைத்துவிடுகிறோம். சூடான அடியில் குளிர்ந்த நீர் பட்டால் உலோகம் சட்டெனச் சுருங்கி அடி வளைந்துவிடலாம். வளைந்த பாத்திரத்தைச் சமதளத்தில் வைத்து விளிம்பைத் தட்டினால் ஆடும். அப்படி ஆடும் அடி சமையல் தகட்டில் ஓரிடத்தில்தான் ஒட்டும், அந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் தீயும். எனவே அடுப்பை அணைத்து, தீயாத மேல்பகுதியைக் கிளறாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, 10 நிமிடம் ஆறவிட்டு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு பாத்திரங்களிலும் ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் தெளிவாகவும் வாடையின்றியும் இருந்தால் அடுத்த சமையலுக்கு எடுக்கலாம். அலுமினியத்தில் அப்போதும் லேசான சாம்பல் நிழல் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், அது உலோகத்தின் சொந்தப் படலம்தான். கடின நீரைக் கொதிக்க வைத்தாலே அது திரும்பவும் வரும்.