நாற்பது நாளில் தீர்ந்துபோன நீல பம்ப்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா. டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதியிருக்கிறார். நீல நிறத்தை இழுத்தால் உடனே இளைப்பு அடங்குகிறது. பழுப்பு நிறத்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதை நிறுத்திவிடலாமா? ஸ்பேசர் என்று ஒரு குழாய் வேறு வாங்கச் சொல்கிறார்கள். நேராக வாயில் அடித்தால் போதாதா?

பதில்:

நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் இப்போது நடப்பதுதான் இரண்டு வருடங்களுக்கு முன் திருப்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது. அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் தொடங்கும். அவளுக்கும் இரண்டு பம்புதான் கொடுத்தார்கள். பழுப்பு நிறத்தைப் பத்து நாள் அடித்தோம், ஒன்றும் தெரியவில்லை. நீலத்தை அடித்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிவிடுவாள். வேலை செய்கிற மருந்து இருக்கும்போது வேலை செய்யாததை ஏன் கொடுக்க வேண்டும் என்று பழுப்பை அலமாரியில் வைத்துவிட்டேன்.

நீலத்தில் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிப்போன தசையை அது தளர்த்துகிறது. நாலைந்து மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். அந்தத் தசை ஏன் இறுகுகிறது என்றால், குழாயின் உட்புறம் வீங்கிச் சிவந்து, சளி கட்டி, தூசி பட்டாலே துடிக்கும் நிலையில் இருக்கிறது. அந்த வீக்கத்தை நீலம் தொடுவதே இல்லை. அதைத் தணிப்பது பழுப்பில் இருக்கும் ஸ்டீராய்டு: பியூடெசொனைடு, பெக்லோமெத்தசோன், புளூட்டிகசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெயரைப் பாருங்கள்.) வீக்கம் வற்ற நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள் ஆகும். இழுத்த உடனே எதுவும் தெரியாமல் இருப்பதுதான் அந்த மருந்தின் இயல்பு. இரவு இருமல் குறைகிறதா, ஓடினால் இளைக்கிறதா என்று மூன்று வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் இரவு நீலத்தை அடித்தும் இளைப்பு நிற்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்தது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவளால் முடியவில்லை. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். காலையில் வந்த டாக்டர் முதலில் கேட்டது, "இந்த நீலம் எத்தனை நாளில் தீர்ந்தது?" என்றுதான். நாற்பது நாள் என்றேன். ஒரு பம்பில் 200 முறை அடிக்கலாம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஐந்து முறை. நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் அதிகபட்சம் ஓரிரு நாள்தான் தேவைப்படும். வருடத்துக்கு மூன்று நீல பம்ப் தீர்ந்தாலே கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றார். எங்கள் வேகத்தில் ஒன்பது தீர்ந்திருக்கும்.

இனி ஸ்பேசர். எங்களுக்கும் எழுதித்தான் கொடுத்தார்கள், நான்தான் வாங்கவில்லை. ஸ்பேசரின் வேலையை எனக்குக் காட்டியவர் அந்த வார்டில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஸ்பேசரைப் பிடித்து, பம்பைக் குலுக்கி ஒரு முறை அடித்தார். வெள்ளைப் புகை சீறி நுழைந்து, பாதிக் குழாய் தாண்டுவதற்குள் வேகம் தணிந்து, அப்படியே மிதந்து நின்றது. பிறகு பல நாள் உபயோகித்த இன்னொரு ஸ்பேசரை எடுத்து உட்சுவரைக் காட்டினார். மாவு பூசியதுபோல் மெல்லிய வெள்ளைப் படலம். "குழாய் இல்லை என்றால் இது முழுவதும் குழந்தையின் தொண்டையில் ஒட்டியிருக்கும் அம்மா" என்றார்.

பம்பிலிருந்து மருந்து பெரிய துளிகளாக, மிகுந்த வேகத்தில் வருகிறது. வாயின் பின்புறம் வழி சட்டென்று கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்த வேகத்தில் வரும் துளியால் திரும்ப முடியாது, தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும், பிறகு வயிற்றுக்குள் போகும். நன்றாகப் பழகிய பெரியவர்கள் அடித்தாலே பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான் நுரையீரல் சேர்கிறது. அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும், ஏழு வயதில் அது வராது. ஸ்பேசருக்குள் புகை நிற்கும் சிறிது நேரத்தில் துளியோடு வந்த திரவம் ஆவியாகித் துளி சுருங்குகிறது. பெரியவை சுவரில் தங்கிவிடுகின்றன. ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துளிகள் மட்டும் மூச்சோடு நிதானமாக உள்ளே போகின்றன. பழகிய பெரியவர்களுக்கு லாபம் கொஞ்சம்தான், பிள்ளைகளுக்கு மிக அதிகம். என் மகளின் நாக்கில் வெள்ளைத் திட்டுகள் வந்ததைத் தயிர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். நேராக வாயில் அடித்த ஸ்டீராய்டு தொண்டையில் தங்கியதால் வந்த பூஞ்சை அது. ஸ்பேசர் வைத்தாலும் பழுப்பு அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ஸ்பேசர் வாங்கியபின் நான் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். நேரம் மிச்சம் என்று இரண்டு முறை சேர்த்து அடித்து ஒரே தடவையில் இழுக்க வைத்தேன். துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரில் படிந்துவிடும். ஒரு முறை அடித்து, உடனே ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்கவிட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது அடிக்க வேண்டும். இன்னொன்று, ஸ்பேசரைக் கழுவித் துணியால் பளபளவென்று துடைத்தேன். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். உங்கள் மகனுக்கு ஏழு வயது என்பதால் மாஸ்க் வேண்டியதில்லை, வாயில் கவ்வும் குழாயே போதும்.

ஸ்டீராய்டு என்றதும் கீழே கமென்டில் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் டாக்டர் இல்லை. ஆனால் மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போவது இதில் மைக்ரோகிராம் கணக்கில் போகிறது. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்பதை டாக்டரே சொன்னார், ஒவ்வொரு முறையும் அளந்து குறிக்கிறார். பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் வேறொரு மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைக் கொடுக்கும் முறையும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு ஆறாத கோபம் வேறு இடத்தில். என் நாத்தனார், "பெண் பிள்ளைக்கு பம்ப் இருக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு வரன் வருமா?" என்றார். எட்டு வயதுப் பிள்ளை! நான் ஸ்பேசர் வாங்காததற்கு அதுவும் ஒரு காரணம். நீலம் உள்ளங்கையில் அடங்கிவிடும், ஸ்பேசரை மறைக்க முடியாது. விருந்தினர் வந்தால் பிள்ளையைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் அவசரமாக வாயில் அடித்தேன். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளையை யாரும் ஒளித்து வைப்பதில்லையே.

இப்போது ஸ்பேசர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நிற்கிறது. காலை, இரவு பல் துலக்குவதற்கு முன் பழுப்பு. மூன்றாவது வாரத்தில் மூன்று மணி இருமல் நின்றது. கடைசியாக வாங்கிய நீலத்தின்மேல் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன், ஏழு மாதமாகியும் தீரவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஸ்பேசரையும் இரண்டு பம்பையும் பையில் எடுத்துப்போய், உங்கள் மகன் இழுப்பதை அவர் கண்முன்னே காட்டுங்கள். அதற்குள் நீலம் அடித்த நாலு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலோ, பேச முடியாமல் திணறினாலோ, நேராக மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். போகும் வழியிலும் ஸ்பேசரில் நீலத்தைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.