செக் படம் அனுப்பி "சரியா நிரப்பியிருக்கா?" என்று கேட்டவர்களுக்கு: வங்கியின் கிளியரிங் பிரிவில் 26 வருடம் இருந்த ராமநாதன் பதில்கள்

கவிதா: என் பழைய காரை வாங்குகிறவர் செக் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "சரியா இருக்கான்னு பாருங்க, நாளைக்கு கொண்டு வர்றேன்"னு சொல்றார். தொகை 1,47,500. படத்தை இணைத்திருக்கேன், அக்கவுண்ட் நம்பரை மறைச்சுட்டேன். இது சரியா சார்?

ராமநாதன்: இல்லம்மா. நாளைக்கு வரும்போது வேறு தாள் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எழுத்தில் இருக்கும் தொகை பிழையில்லாமல் இருக்கிறது. ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு, கடைசியில் "மட்டும்". பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். 4 இருக்கிற இடத்தில் முதலில் ஒரு 1 இருந்திருக்கிறது. அதன் மேலேயே குறுக்குக் கோடு போட்டு நாலாக்கியிருக்கிறார். நல்ல மனசோடுதான் செய்திருப்பார், பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்தச் சின்னக் கையெழுத்து இப்போது எதையும் காப்பாற்றாது.

தேதியையும் கவனியுங்கள், அடுத்த வாரத்துத் தேதி போட்டிருக்கிறார். அது பிழையில்லை, ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் போட்டால் பணம் வராது. அதுவரை காரும் சாவியும் உங்களிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. அக்கவுண்ட் நம்பரை மறைத்தீர்கள், கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். எனக்கு இருப்பதிலேயே அதுதான் கவலை. பொது இடத்தில் போட்ட படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். பார்த்துக் கேட்க வேண்டியது எழுத்து, எண், தேதி, பெயர், கோடு. அதற்குக் கையெழுத்து தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

முருகேசன்: என்ன சார் சொல்றீங்க? திருத்தின இடத்துல முழுக் கையெழுத்து போட்டா பேங்க் ஏத்துக்கும். நான் 20 வருஷமா அப்படித்தான் பண்றேன்.

ராமநாதன்: ஒரு காலத்தில் சரியாக இருந்தது, முருகேசன். அப்போது செக் தாளே பயணம் பண்ணியது. நீங்கள் போட்ட வங்கியிலிருந்து கிளியரிங் ஹவுஸ் போய், எழுதியவருடைய கிளைக்கே வந்து சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, திருத்திய மை, கையெழுத்து மை இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது தாள், நீங்கள் கொடுத்த வங்கியிலேயே நின்றுவிடுகிறது. எழுதியவருடைய வங்கிக்குப் போவது ஸ்கேன் எடுத்த படம்தான். முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. அந்தப் படத்தில் மேலே எழுதியது நல்ல எண்ணத்தில் செய்த திருத்தமா, திருட்டுத் திருத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சி.டி.எஸ். என்கிற இந்தப் பட முறை வழியாகப் போகும் செக்கில் பெயர், எண், எழுத்துத் தொகை எதையும் திருத்தக் கூடாது, புதுத் தாள் எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. 2010 டிசம்பரிலிருந்து அந்த விதி. தேதியைப் புதுப்பிக்கும் திருத்தத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அதையும் முழுக் கையெழுத்தோடு செய்ய வேண்டும்.

உங்களுக்கு 20 வருஷமாகப் போனதற்கு ஒரு காரணம் இருக்கலாம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்தால் செக் கிளியரிங்குக்கே போகாது. அங்கே மேலாளர் பார்த்து ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். நான் அதை நம்பிக் கார் விற்க மாட்டேன்.

சட்டம் படிக்கும் ஹரி: எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் எழுத்துதான் செல்லும்னு 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ம் பிரிவே சொல்லுதே? அப்போ கவிதா மேடம் செக் செல்லுபடியாகணும் இல்லையா?

ராமநாதன்: பிரிவை ஒழுங்காகப் படித்திருக்கிறாய் தம்பி. எழுத்தில் இருப்பதே கொடுக்கவேண்டிய தொகை என்பது சரி. வழக்கு என்று வந்தால் அது உதவும். ஆனால் கவுண்டரில் பிரச்சினை வேறு. எழுத்தும் எண்ணும் வேறுவேறாக இருந்தால், அந்தக் காரணத்தையே போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் வங்கி வழக்கம். கவிதாவின் செக்கில் முரண்பாடே இல்லை, திருத்திய பிறகு இரண்டும் ஒன்றுதான். திருத்தியதால்தான் வம்பு. நீ சொன்ன பிரிவு அங்கே நுழையவே இல்லை.

சாந்தி: எழுத்து, எண் தவிர நான் வேற என்ன பார்க்கணும் அண்ணா? எனக்கு வர்ற செக்கெல்லாம் அவசர அவசரமா எழுதினது.

ராமநாதன்: கவிதாவின் படத்தையே வைத்துச் சொல்கிறேன், நான் எந்த வரிசையில் பார்த்தேன் என்று. முதலில் தேதி. எட்டுக் கட்டமும் நிறைந்திருக்கிறதா, வருடம் இந்த வருடம்தானா? ஜனவரியில் பழைய வருடத்தை எழுதிவிடும் கை எல்லோருக்கும் உண்டு. எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செக்குக்கு ஆயுள், 2012 ஏப்ரலுக்கு முன்னால் ஆறு மாதமாக இருந்தது. வருடம் தப்பினால் பிறக்கும்போதே காலாவதியான செக் அது.

அடுத்து பெயர். உங்கள் பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படி. பெயருக்குப் பின்னால் காலியிடம் இருந்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தொகைக்கு முன்னால் இடம் விடாமல் ஆரம்பித்திருக்கிறாரா என்று பாருங்கள். "நாற்பத்தேழாயிரம்" என்பதற்கு முன்னால் இரண்டு விரல் இடம் இருந்தால், "ஒரு லட்சத்து" உட்கார அது போதும்.

பிறகு இடது மேல்மூலையில் இரண்டு சாய்ந்த கோடுகள், அதற்குள் "அக்கவுண்ட் பேயீ". கவிதாவுடைய செக்கில் கோடு இருக்கிறது, அந்த வார்த்தை இல்லை. கோடு மட்டும் இருந்தாலே கவுண்டரில் ரொக்கம் தரமாட்டார்கள், கணக்கில்தான் வரவு வைப்பார்கள். வார்த்தையும் இருந்தால் அது பெயருக்குரியவரின் கணக்காகத்தான் இருக்க வேண்டும். "அல்லது பேரர்" என்று அச்சடித்திருப்பதையும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டை. காந்த மையில் அச்சடித்த எண்கள் அங்கே இருக்கும். முதல் ஆறு இலக்கம் செக் எண், அடுத்த ஒன்பது எந்த ஊர், எந்த வங்கி, எந்தக் கிளை என்பதற்கு. அந்தப் பட்டையில் கையெழுத்தின் வால்கூட இறங்கக் கூடாது.

மணி (கம்பெனி கணக்காளர்): நாங்க கையெழுத்து மேலேயே கம்பெனி சீல் குத்துவோம். பச்சை மை பேனாவும் உண்டு. பரவாயில்லையா?

ராமநாதன்: என் மேசைக்கு அப்படி ஒரு படம் வந்தது. தாளில் நீலச் சீலும் கறுப்புக் கையெழுத்தும் தனித்தனியாக அழகாகத் தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே கரும்பூச்சு. திருப்பி அனுப்பினோம். அந்தக் கணக்காளர் ஒரு வாரம் என்னைப் போனில் திட்டினார். சீலைத் தள்ளிக் குத்துங்கள். பேனா கறுப்போ கருநீலமோ போதும்.

ஃபாத்திமா: நான் கேக்கறது வேற. புது ஆபீஸ்ல "கேன்சல் செக் படம்" கேக்கறாங்க. அதுலயும் எல்லாம் சரியா நிரப்பணுமா?

ராமநாதன்: நிரப்பவே கூடாதும்மா. பெயரும் வேண்டாம், தொகையும் வேண்டாம், கையெழுத்து கண்டிப்பாக வேண்டாம். குறுக்கே இரண்டு பெரிய கோடு போட்டு, நடுவில் "கேன்சல்டு" என்று பெரிதாக எழுதுங்கள். அவர்களுக்கு வேண்டியது கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., உங்கள் பெயர். அந்த மூன்றும் கோட்டுக்கு அடியில் மறையாமல் இருந்தால் போதும்.

கவிதா: படத்தை எடுத்துட்டேன் சார். புது செக் எழுதித் தர ஒத்துக்கிட்டார், அந்தப் படமும் சரியா இருந்தா சாவி கொடுத்துடலாமா?

ராமநாதன்: படம் சொல்லாத விஷயங்கள்தான் அதிகம். கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்து வங்கியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, கொடுத்த பிறகு "நிறுத்து" என்று எழுதிக் கொடுத்தாரா, எதுவும் படத்தில் தெரியாது. தாள் கைக்கு வந்ததும் விளக்கில் காட்டுங்கள், உள்ளே "சி.டி.எஸ். இந்தியா" என்று ஆங்கிலத்தில் நீர்க்குறி தெரிய வேண்டும். அதுகூடத் தாள் அசலா என்பதைத்தான் சொல்லும், பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உங்கள் தொகை 50,000-க்கு மேல் என்பதால் இதையும் கேளுங்கள்: "பாசிட்டிவ் பே கொடுத்துட்டீங்களா?" 2021 ஜனவரியிலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. செக் எண், தேதி, பெயர், தொகை இவற்றை எழுதியவர் தன் வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். வந்த படம் அதோடு ஒத்துப்போகிறதா என்று வங்கி பார்க்கும். ஐந்து லட்சத்துக்கு மேல் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கலாம். அதற்குக் கீழே அவரவர் விருப்பம், ஆனால் சில வங்கிகள் தங்கள் வரம்பைத் தாங்களே வைத்திருக்கின்றன. அவர் பழைய செக் எண்ணைக் கொடுத்திருந்தால் புதுத் தாளுக்கு மறுபடியும் கொடுக்க வேண்டும், இதை மறந்துவிடுவார்கள்.

சாவி, வரவு உங்கள் கணக்கில் வந்த பிறகு. எஸ்.எம்.எஸ்.ஸில் பார்த்தால் போதாது, கணக்கைத் திறந்து பாருங்கள். பணமில்லாமல் திரும்பி வந்தால் வழக்குப் போட ஹரி சொன்ன அதே சட்டத்தில் 138-ம் பிரிவு இருக்கிறது. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த பிறகு பணம் கொடுக்க அவருக்கு 15 நாள். அதற்குள் கார் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாந்தி: என் பேர் பேங்க்ல "S. Shanthi". செக்ல "சாந்தி சுந்தரம்"னு தமிழ்ல எழுதியிருக்காங்க. இது போகுமா?

ராமநாதன்: தமிழில் எழுதுவதில் தப்பே இல்லை, அந்தந்த மாநில மொழியில் எழுத ரிசர்வ் வங்கியே இடம் கொடுத்திருக்கிறது. இனிஷியலை விரித்து எழுதியதுதான் கேள்வி. நான் இருந்த கிளையில் ஏற்றுக்கொள்வோம், பக்கத்துக் கிளையில் இருந்த நண்பர் திருப்பிவிடுவார், இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவோம். போடுவதற்கு முன் உங்கள் கிளையில் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

முருகேசன்: அப்போ இத்தனை நாள் எனக்கு போனதெல்லாம் அதிர்ஷ்டமா சார்?

ராமநாதன்: கடைசியாகத் திருத்திய செக் எந்த வங்கியில் போட்டீர்கள், எந்த வங்கிச் செக், இரண்டும் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.