காட்டில் நிற்கும் சோலாருக்குக் காவல்: கேள்வி-பதில்

மானியத்தில் போட்ட சோலார் பம்புசெட்டில் ஒரே ராத்திரியில் 4 பேனல் போய்விட்டது. மாட்டி 2 வருஷம்தான் ஆகிறது. "திருட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது கம்பெனி.
– விளாத்திகுளம் வாசகர்

அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். பி.எம். குசும் திட்டத்தில் போட்டது என்றால், 5 வருஷப் பராமரிப்போடு, திருட்டுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டியது அந்தக் கம்பெனிதான். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். போன பேனல்களின் சீரியல் நம்பர் ஒப்படைப்புக் காகிதத்தில் இருக்கும். அதையும் சேர்த்துக் கம்பெனிக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை மிச்சப் பேனல்களில் கை வைக்காதீர்கள். உங்கள் நஷ்டத்தை நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

பாதி விலைக்குப் பேனல் வருகிறது. பில் இல்லை, பின்பக்க ஸ்டிக்கரும் கிழிந்திருக்கிறது. வாங்கலாமா?
– தாராபுரம் வாசகர்

வாங்காதீர்கள். மேலே எழுதியிருப்பவரின் பேனலாகக்கூட அது இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் உங்கள் மீதும் வழக்கு வரும்.

திருடாமல் இருக்கப் பேனலை ஸ்டாண்டோடு வெல்டிங் வைத்துவிடலாமா?
– அரூர் வாசகர்

வேண்டாம். பேனலின் அலுமினிய ஃப்ரேம் இரும்போடு வெல்டிங்கில் ஒட்டாது. சூட்டில் கண்ணாடி தெறித்தால் வாரன்டியும் போகும்.

லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, சாதாரண நட்டைப் போட்டு முறுக்கிவிட்டுப் போகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரும்பாலும் ஒரு பேனலைப் பிடித்திருப்பது 8 எம்.எம். போல்ட் நாலு. 13-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், கழன்று வந்துவிடும். ஷியர் நட் என்று கேளுங்கள். முறுக்கி முடிக்கும்போது அதன் அறுகோணத் தலை ஒடிந்து விழும். மிஞ்சுகிற வழவழப்பான கூம்பில் ஸ்பேனர் பிடிக்காது. பேனலுக்கு 2 போட்டாலே போதும். கொட்டேஷனிலேயே அதை எழுதி வாங்குங்கள். பின்னால் பேனலை மாற்ற வேண்டுமென்றால் கிரைண்டர் வைத்துத்தான் அறுக்க வேண்டும். திருடனும் அப்படி அறுக்கலாம். ஆனால் நேரமாகும், சத்தம் கேட்கும்.

அப்புறம், அலாரம். ராத்திரியில் பேனலில் மின்சாரம் இருக்காது, அதனால் வோல்டேஜைப் பார்த்து அடிக்கும் அலாரம் உதவாது. எல்லா ஃப்ரேம் ஓட்டைகளிலும் நுழைந்து வரும் ஒரே ஒயர், அறுத்தால் அலறுவது, அதுவே சரி. பக்கத்தில் ஆள் இல்லாத காடென்றால், உங்கள் போனுக்கு அழைக்கும் சிம் வைத்ததாக வாங்குங்கள்.

ஊராட்சி சோலார் தெருவிளக்கில் பூட்டுப் போட்டும் பேட்டரி மறுபடி மறுபடி திருடு போகிறது.
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பூட்டை விடுங்கள், கீலைப் பாருங்கள். என் தோட்டத்துக்கு ஒரு கடையில் வாங்கிய பெட்டியில் கீல் ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்க, ஆணியைத் தட்டி எடுத்துப் பேட்டரியைக் கொண்டுபோய்விட்டார்கள். கீல் உள்பக்கம் இருக்கிற பெட்டியாக, கம்பத்தின் உச்சியில் மாட்டுங்கள்.

காயலான் கடையில் ஈயத்துக்கு விலை உண்டு, அதனால்தான் திருடுகிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஈயமே கிடையாது. ஆனால் பழைய விளக்கில் பேட்டரியை மட்டும் மாற்றாதீர்கள். சார்ஜ் கன்ட்ரோலரும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரமே கெடும்.