காதுக்கு வேறு, மைக்குக்கு வேறு

"வாய்ஸ் பிராசஸ் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து 8 மணி நேரம் பேச வேண்டும். 4,500 ரூபாய் கட்டினால் ஹெட்செட் தருவதாக ஆள் சேர்த்துவிட்டவர் சொல்கிறார். கடையில் பழைய கால் சென்டர் ஹெட்செட் 600 ரூபாய். கையில் ப்ளூடூத் இயர்பட்ஸும் இருக்கிறது. வீட்டில் ஃபேன், குக்கர் சத்தம் உண்டு. எது சரி?"
— வாசகி, சேலம்

அந்த 4,500 ரூபாயைக் கட்டாதீர்கள். ஹெட்செட் தருகிற நிறுவனம் தானே அனுப்பும். இல்லையென்றால் எந்த வகை வேண்டும் என்று மெயிலில் சொல்லும். நடுவில் நிற்கிறவரிடம் பணம் கொடுத்தால் ஹெட்செட்டும் வராது, வேலையும் இருக்காது. நாள் முழுக்கப் பேச வைக்கிற சில நிறுவனங்கள் பேசும் கருவியை மட்டும் ஊழியர் தலையில் கட்டுகின்றன. அந்தச் சந்தில்தான் இவர்கள் நுழைகிறார்கள்.

பழைய ஹெட்செட்டின் வயர் நுனியைப் பாருங்கள். யுஎஸ்பியும் இல்லாமல் உருண்டை பின்னும் இல்லாமல் பிளாஸ்டிக் கொக்கிபோல் இருந்தால், அதைக் கணினியோடு இணைக்கும் கீழ் வயரைத் தனியாக வாங்க வேண்டும். ஒரு பிராண்டின் வயர் இன்னொன்றில் பெரும்பாலும் சேராது. என்னிடம் வந்த ஒரு பெண் இப்படி இரண்டு வயர் வாங்கியும் பொருந்தாமல், புதியதன் விலையையே செலவழித்திருந்தார்.

உங்களுக்கு வேண்டியது யுஎஸ்பி வயரும் வாயருகே வரும் மைக் தண்டும் உள்ள ஹெட்செட். பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருந்தால் யாருக்கு என்று கேளுங்கள். காதுக்கானது என்றால் ஃபேன் சத்தம் உங்களுக்குத்தான் கேட்காது, வாடிக்கையாளருக்குக் கேட்கும். மைக்குக்கு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். அத்தகைய மைக்குகள் பலவற்றில் முன்னும் பின்னும் துளை இருக்கும். தூரத்துச் சத்தம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நுழைந்து அடங்கிவிடும், பக்கத்துக் குரல் முன்பக்கம் அதிகமாக நுழைந்து நிற்கும். அதனால் தண்டைக் கன்னத்துப் பக்கம் தள்ளிவிட்டாலோ மைக்கைத் திருப்பி வைத்தாலோ உங்கள் குரலே தேய்ந்துபோகும். உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் அடிக்கும்.

இயர்பட்ஸ் வேண்டாம். மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ப்ளூடூத்தில் ஒலியின் தரம் பெரும்பாலும் இறங்கிவிடும், சார்ஜும் பலவற்றில் ஷிஃப்ட் முடியும்வரை நிற்காது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அலுவலக வேலைக்கென்றே செய்து, தனக்கான சிறு யுஎஸ்பி டாங்கிளோடு, மைக் தண்டும் வைத்து வரும் வயர்லெஸ் ஹெட்செட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டாங்கிள் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். தனியாக வாங்கிச் செருகும் 100, 200 ரூபாய் டாங்கிள் அதற்கு ஈடாகாது. விலையும் வயர் உள்ளதைவிட நன்றாகவே கூடும். அதோடு சில நிறுவனங்கள் வயர்லெஸ்ஸையே அனுமதிப்பதில்லை. எனவே மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகே வாங்குங்கள்.

கடையில் 10 நிமிஷம் மாட்டிப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு. சேலத்து வெயிலுக்கு ரெக்ஸின் உறையைவிடத் துணி உறை மேல். வயர் 2 மீட்டராவது இருக்கட்டும். காதுக்கூட்டில் வயர் நுழையும் இடம்தான் பெரும்பாலும் முதலில் அறும், எனவே சட்டையில் கிளிப் போட்டு இழுவையைத் தடுங்கள்.

வாங்கிய அன்றே ஃபேனை முழு வேகத்தில் போட்டு, 1 நிமிஷம் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். மைக்கைச் சரியாக வைத்தும் குரலைவிட ஃபேன் மேலே கேட்டால், பில் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.