‘கரண்ட் தனி’ என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட, தெருமுனைக் கடையில் இப்படி எழுதி ஒட்டினேன்:

“மாடி அறை வாட. 10க்கு 12. கட்டில், பீரோ, ஃபேன் உள்ளது. வே.செ. பெண்கள் மட்டும் அனுமதிக்கப்படும். வாட. ரூ.4,500. மு.ப. 3 மா. கரண்ட் தனி. தொ. மாலை 6க்கு மேல்.”

தமிழ் தப்பு என்கிறான் மகன். போன் செய்கிறவர்களோ ‘கரண்ட் தனி’ என்றால் என்ன என்று கேட்கிறார்கள். திருத்தித் தர முடியுமா?

வாசகி, திருச்சி

வணக்கம் அம்மா,

பேப்பரில் வரி விளம்பரத்துக்கு வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். அங்கே ‘வாட.’ என்று சுருக்கினால் பணம் மிச்சம். கடைச் சுவரில் யாரும் காசு கேட்கப் போவதில்லை; தாராளமாக எழுதலாம்.

‘மு.ப.’ என்றால் எனக்கு முதலில் முற்பகல்தான் தோன்றியது. அடுத்து ‘3 மா.’ வேறு. மாதமா, மாலையா? ‘வே.செ.’யைப் புரிந்துகொள்ள இரண்டு முறை படித்தேன். ‘ரூ.’ மட்டும் இருக்கட்டும், அதில் யாருக்கும் குழப்பம் வராது.

மகன் சொன்ன தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. கட்டில், பீரோ, ஃபேன் என்று மூன்று பொருள் வந்தபின் ‘உள்ளது’ ஒருமை; ‘உள்ளன’ என்று வர வேண்டும். அது விறைப்பாகத் தெரிந்தால் ‘உண்டு’ என்று எழுதுங்கள், அது ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. இன்னொன்று ‘பெண்கள் அனுமதிக்கப்படும்’. பஸ் வரும், பஸ்கள் வரும், இரண்டும் சரி. ‘பெண்கள் வரும்’ என்று யாராவது சொல்வார்களா? ‘வருவார்கள்’ என்றுதானே சொல்வோம். ‘அனுமதிக்கப்படும்’ என்று சொல் நீளமானதும் காது ஏமாந்துவிடுகிறது. ‘அனுமதிக்கப்படுவார்கள்’ என்பது ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருப்பதால் ‘தங்கலாம்’ என்று மாற்றிவிட்டேன்.

துண்டு வாக்கியம் எல்லாமே தப்பில்லை. தலைப்புக்கு வினைமுற்று வேண்டாம். ‘கரண்ட் தனி’தான் சிக்கல். தனி மீட்டரா, வாடகை போக மாதம் ஒரு தொகையா, வீட்டு பில்லில் பங்கா? யார் எவ்வளவு கட்டுவது என்று சொல்ல ஒரு வினை இருந்தால் அந்தப் போன்கள் வந்திருக்காது. தனி மீட்டர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். இல்லையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

“மாடி அறை வாடகைக்கு

10 அடிக்கு 12 அடி அளவில் ஓர் அறை வாடகைக்கு உள்ளது. கட்டில், பீரோ, ஃபேன் உண்டு. வேலைக்குச் செல்லும் பெண்கள் மட்டும் தங்கலாம். வாடகை மாதம் ரூ.4,500. மூன்று மாத வாடகையை (ரூ.13,500) முன்பணமாகத் தர வேண்டும். அறைக்குத் தனி மீட்டர் இருக்கிறது. அதில் வரும் கரண்ட் பில்லைத் தங்குபவரே கட்ட வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் போன் செய்யவும்.”

கீழே போன் நம்பரை எழுத மறந்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பியதில் அது இல்லை.